நாலு நிலைக்குப் பணம்

ஏரலில் எனக்குக் கருப்பட்டி வியாபாரம். பங்குனியில் பதநீர் இறங்கத் தொடங்கும். ஆடி வரை உடன்குடிப் பக்கம் போய்ச் சரக்கு எடுப்பேன். எடுத்ததை அப்போதே விற்றால் கூலிதான் மிஞ்சும். கார்த்திகை வரை வைத்திருந்து விற்றால்தான் காசு. வைத்திருக்க நல்ல இடம் வேண்டும். கருப்பட்டிக்கு ஈரம் ஆகாது. ஒரு நாள் ஒழுகினால் போதும், கசிந்து பாகாகிவிடும்.

என் வீட்டில் பின்பக்க அறைதான் சரக்கு அறை. சுவர் நல்ல கல் சுவர். மேலே மட்டும் ஓலை. வருஷா வருஷம் வேய்ந்தும், முந்தின ஐப்பசியில் ஒரு மூலை முழுக்கப் போய்விட்டது. ஓலையில் கட்டி வைத்த இருபது சிப்பம் நாசம். இந்த வருஷம் ஓலையை எடுத்துவிட்டு, செங்கலும் சுண்ணாம்பும் கொண்டு மட்டப்பா போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். வாசல் நிலைகள் மூன்றையும் கரையான் அரித்திருந்தது. அதையும் சேர்த்து மாற்ற வேண்டும். அதுவரை சரக்கை ஆற்றங்கரையில் ஒரு ஓலைக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து அடுக்கினேன். கைக்காசு முழுவதும் அதில்தான் கிடந்தது. வேலைக்கென்று ஒதுக்கியதைத் தவிர வீட்டில் வேறு பணம் இல்லை. ஐப்பசி மழைக்கு முன்னால் மட்டப்பா முடிந்து சரக்கு உள்ளே வந்தாக வேண்டும். இல்லையென்றால் அடுத்த வருஷம் வியாபாரம் இல்லை.

ஊரில் நல்ல மேஸ்திரி ஒருவர் இருந்தார். வந்தார். நூல் பிடித்து அறையை அளந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"மொத்தமா நானூத்தம்பது குடுத்துருங்க அண்ணாச்சி. சாவிய வாங்கிட்டு நீங்க உள்ள போவ வேண்டியதுதான்" என்றார்.

"எதுக்கு எதுக்கு எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்லும்" என்றேன்.

"பிரிச்சா?"

"செங்கலுக்கு இவ்வளவு. சுண்ணாம்புக்கு இவ்வளவு. மரத்துக்கு, ஆள்கூலிக்கு. தனித்தனியா எழுதித் தாரும்."

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "விருந்துக்குப் போற எடத்துல உப்பு எத்தன, புளி எத்தனன்னு கேப்பியளா?"

"விருந்துல கேக்க மாட்டேன். பணம் குடுத்துச் சாப்பிட்டாக் கேப்பேன்."

இது எனக்குச் சொந்த புத்தி இல்லை. பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் எழும்பியபோது சுண்ணாம்புக் கலவைக்குக் கருப்பட்டி போட்டவன் நான். மாதம் இரண்டு தடவை போவேன். அங்கே ஓவர்சியர் ஒருவர் நாடாவை வைத்துச் சுவரை அளப்பார். கையில் ஒரு காகிதம் இருக்கும். செங்கல் இத்தனை, விலை இவ்வளவு என்று வரிவரியாகப் போட்டிருக்கும். கண்டிராக்டருக்கு மொத்தமாகப் பணம் கிடையாது. சுவர் ஜன்னல் மட்டம் வந்தால் ஒரு பட்டுவாடா. உத்திரம் ஏறினால் ஒரு பட்டுவாடா. கண்டிராக்டர் முணுமுணுத்துக்கொண்டே வாங்கிப் போவார். ஆனால் வேலை நிற்கவில்லை. என் சித்தப்பா மகன் ஒரு கொத்தனாருக்கு முழுப் பணத்தையும் முன்னாலேயே கொடுத்தான். கொத்தனார் ஓலையைப் பிரித்துப் போட்டுவிட்டு வேறு ஊர் வேலைக்குப் போய்விட்டான். இரண்டையும் பார்த்தவன் நான்.

மேஸ்திரி இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் ஒரு காகிதத்தோடு வந்தார். அவர் எழுத்துக்கூட்டிப் படிப்பார். எழுதுவதும் அப்படித்தான். பெரிய பெரிய எழுத்து. ஓலை பிரிக்க. சுவர் இரண்டடி உசத்த. நிலை மூன்று, தச்சுக்கூலியோடு. தேக்கு உத்திரம். செங்கல். சுண்ணாம்பு. ஜல்லி. கடுக்காய். கருப்பட்டி. மேலே பதிக்கத் தட்டோடு. தளம் அடிக்கிற பெண்களுக்குக் கூலி. பூச்சு. எல்லாவற்றுக்கும் நேரே தொகை இருந்தது. கூட்டிப் பார்த்தேன். நானூற்று முப்பதுதான் வந்தது.

"இருவது எங்க?" என்றேன்.

"எழுதுறப்ப கொறஞ்சு போச்சு" என்றார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கருப்பட்டி வரியில் விரலை வைத்தேன். "இது யார் கடைச் சரக்கு?"

"உங்க கடைதான். வேற எங்க வாங்குவேன்?"

"என் கடையில வாங்கி, மேல ரெண்டு ரூவா வச்சு எனக்கே விக்கீராவே?"

"தூக்குகூலி அண்ணாச்சி."

"கொட்டகையில இருந்து நானே தூக்கியாரேன்" என்று அந்த வரியை அடித்துவிட்டேன். அவர் மறுக்கவில்லை.

பணம் எப்படி என்று பேசினோம். வெற்றிலையில் வைத்து ஐம்பது ரூபாய் அச்சாரம். மீதியை நாலு பங்காக்கி, வேலை ஆக ஆகக் கொடுப்பது. அதற்கு அவர் சரி என்றார். வாயோடு விடாமல் எழுதிக்கொள்வோம் என்றேன். அதற்கும் சரி என்றார். ஆனால் நாலு பங்கும் எந்த எந்த வேலைக்கு என்று அன்றைக்கு நாங்கள் பிட்டுப் பிட்டுப் பேசவில்லை. எழுதுகிற இடத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம்.

ஸ்ரீவைகுண்டத்தில் ரிஜிஸ்டர் கச்சேரிப் பக்கம் பத்திரம் எழுதுகிற பிள்ளைவாள் ஒருவர் இருந்தார். நல்ல தமிழ் எழுதுவார். நான் காலையிலேயே போய்விட்டேன். மேஸ்திரிக்கு வண்டி கிடைக்காமல் தாமதம். நான் பிள்ளைவாளிடம் சொன்னேன்: நிலை வைத்துச் சுவர் உசத்தினால் ஒரு பங்கு, உத்திரம் ஏறினால் ஒரு பங்கு, தளம் அடித்து முடிந்தால் ஒரு பங்கு, பூச்சு முடிந்தால் கடைசிப் பங்கு.

"இவ்வளவும் வளவளன்னு எதுக்குவே? நான் ஒழுங்கா எழுதித் தாரேன்" என்றார். முத்திரைக் காகிதத்தில் மணிமணியாக எழுதினார். மேஸ்திரி வந்ததும் படித்தும் காட்டினார். 'மேற்படி வேலையின் முதல் நிலை முடிந்தவுடன் ஒரு பங்கும், இரண்டாம் நிலை முடிந்தவுடன் ஒரு பங்கும்' என்று நாலாம் நிலை வரை போயிற்று. கேட்க நன்றாகத்தான் இருந்தது. மேஸ்திரி ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தார்.

"நாலு நிலையா அண்ணாச்சி?"

"ஆமா, நாலுதான்."

"உங்க இஷ்டம்" என்று கையெழுத்துப் போட்டார்.

ஆவணி பிறந்ததும் வேலை தொடங்கியது. சரக்கு அறை ஓலையைப் பிரித்தார்கள். அப்போது உடன்குடியில் கடைசிச் சரக்கு கொஞ்சம் இருப்பதாகவும், பணம் கார்த்திகையில் தந்தால் போதும் என்றும் சொல்லி அனுப்பினார்கள். வண்டி கட்டிக்கொண்டு போனேன். பேசி, எடை போட்டு, ஏற்றித் திரும்ப நாலைந்து நாள் ஆகிவிட்டது.

வீட்டுக்கு வந்தபோது வாசலில் புது நிலை. மாவிலை, மஞ்சள், குங்குமம். நல்ல வேப்பமரம், இழைப்பும் சுத்தமாக இருந்தது. சந்தோஷமாக உள்ளே போனேன். சரக்கு அறைக்கு ஒரு நிலை. கொல்லை வாசலுக்கு ஒரு நிலை. சரக்கு அறைக்குள் நுழைந்தேன். எதிரே பின்சுவரில் ஆள் நுழைகிற அளவுக்குச் சுவரை உடைத்து, அங்கே இன்னொரு நிலை. அதற்கும் மாவிலை. அதன் வழியாகப் பக்கத்து வீட்டு மாட்டுத் தொழுவம் தெரிந்தது. மாடு என்னைப் பார்த்தது.

மேலே வானம். சுவர் ஒரு அடிகூட உயரவில்லை.

என் பெண்சாதியைக் கூப்பிட்டேன். "இது என்னது?"

"நானுந்தான் கேட்டேன். இங்க எதுக்கு வாசல்னு. அண்ணாச்சி பத்திரத்துலயே எழுதியிருக்கு, நாலு நெலைன்னு மேஸ்திரி சொன்னாரு. வாசிச்சும் காட்டுனாரு. நீங்க எழுதுனத நான் எப்படித் தடுக்க?"

சாயங்காலம் மேஸ்திரி குளித்து, விபூதி பூசி, ஆள்களோடு வந்து நின்றார். "நாலும் ஒரே முகூர்த்தத்துல வச்சாச்சு அண்ணாச்சி. கணக்க முடிச்சுருங்க."

"என்ன கணக்கு?"

"முதல் நிலை முடிஞ்சா ஒரு பங்கு. ரெண்டாம் நிலை முடிஞ்சா ஒரு பங்கு. நாலும் முடிஞ்சுதே."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. கோபம் வரத்தான் செய்தது. ஆனால் அந்த ஆளின் முகத்தில் கள்ளம் இல்லை. கூலிக்கு ஆள்கள் பின்னால் நிற்கிறார்கள். என் தலைக்கு மேல் ஓலை இல்லை. அவர் கோபித்துக்கொண்டு போனால் ஐப்பசிக்குள் வேறு மேஸ்திரி பிடிக்க முடியாது.

"மேஸ்திரி. மட்டப்பா இல்லாம, வெறும் நிலைக்கு யாராவது நானூறு ரூவா குடுப்பானா?"

"நானும் அதத்தான் நெனச்சேன். வீட்டுலயும் சொன்னேன். அண்ணாச்சிக்கு வாசல் நெலை மேல ரொம்ப பக்தி போலிருக்கு, நெலைக்கு நெலை பணம் எழுதுதாருன்னு. லிஸ்ட்டுல மூணுதான் போட்டிருந்தேன். பத்திரத்துல நாலுன்னு இருக்கு. நாலாவது எங்க வைக்கன்னு ரெண்டு நாளு மண்டைய ஒடச்சேன். சரக்கு ஏத்த எறக்கப் பின்னால ஒரு வழி இருந்தா நல்லதுதானேன்னு..."

"பின்னால மாட்டுத் தொழுவம்வே."

"அத ஒடச்ச பொறவுதான் பாத்தேன்."

ஆள்களில் ஒருவன் சிரித்துவிட்டான். மேஸ்திரி திரும்பிப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான்.

அன்றைக்கு ஆள்கூலிக்கு மட்டும் கொடுத்தேன். மறுநாள் இரண்டு பேரும் ஒரே வண்டியில் ஸ்ரீவைகுண்டம் போனோம். வழியில் அவர் வெற்றிலை நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

பிள்ளைவாள் பத்திரத்தைப் படித்தார். எங்களைப் பார்த்தார். மறுபடி படித்தார்.

"நிலைன்னா வாசல் நிலை இல்லவே. வேலையில ஒரு கட்டம்."

"எந்தக் கட்டு? முன்கட்டா, பின்கட்டா?" என்றார் மேஸ்திரி.

"கட்டு இல்லவே, கட்டம். சரி, ஒரு படின்னு வச்சுக்கிடும். ஒவ்வொரு படியா வேலை ஏறுதுல்லா?"

"படியா? மட்டப்பாக்குப் படி வேற வைக்கணுமா? அதுக்குத் தனியா ஆகுமே. லிஸ்ட்டுல படி இல்ல."

பிள்ளைவாள் எழுத்தாணியைப் போல விரலைத் தூக்கியவர் அப்படியே இறக்கினார். "இந்தத் தமிழ்ல கொத்தனாருக்குச் சொந்தமில்லாத வார்த்தை ஒண்ணாவது இருக்கா?" என்று என்னைக் கேட்டார்.

"வார்த்தையே வேண்டாம் பிள்ளைவாள். சாமான எழுதுங்க" என்றேன். "உத்திரம் ஏறினதும்னு எழுதுங்க. தளம் அடிச்சு தட்டோடு ஒட்டினதும்னு எழுதுங்க. ரெண்டு பேரு கண்ணுக்கும் தெரியுதது எதுவோ அத."

"அது எழுத்துக்கு அழகா இருக்காதுவே."

"அழகா எழுதித்தான் எனக்குத் தொழுவத்துப் பக்கம் ஒரு வாசல் வந்திருக்கு."

அவர் புதுக் காகிதம் எடுத்தார்.

அப்போது மேஸ்திரி மெதுவாக ஒன்று சொன்னார். "எழுதுறது இருக்கட்டும் அண்ணாச்சி. என் கையில ஒண்ணுமில்ல. நாலு பங்கும் சேந்து வந்துரும்னு நம்பி, அச்சாரப் பணத்த முழுசா தச்சனுக்குக் குடுத்துட்டேன். உத்திரம் எடுக்கத் திருநெல்வேலி மரக்கடைக்காரன் ரொக்கம் கேப்பான். உத்திரம் ஏறினாத்தான் பணம்னா, உத்திரத்த நான் எதால ஏத்த?"

கேட்டது நியாயம். பணத்தை அவர் கையில் கொடுத்தால், நாலாம் நிலை மாதிரி இன்னொன்று ஆகாது என்று என்ன உறுதி? கொடுக்காவிட்டால் உத்திரம் வராது. அப்போதுதான் மடியில் இருந்த அவருடைய பெரிய எழுத்துக் காகிதம் நினைவுக்கு வந்தது. எடுத்து விரித்தேன். உத்திரத்துக்கு நேரே தொகை தனியாக இருந்தது. நிலைக்கும் தனியாக இருந்தது. மொத்தமாக நானூற்றைம்பது என்று விட்டிருந்தால் இரண்டு பேருக்கும் பிடி கிடைத்திருக்காது.

"மரக்கடைக்கு நானே வாரேன். உத்திரத்துக்கு நீரு போட்ட தொகைய அவன் கையில குடுக்கேன். அது உம்ம பங்குல கழிஞ்சுரும். மூணு நிலை வச்சாச்சு, அதுக்கு உள்ளத இன்னைக்கே தாரேன், அச்சாரம் போக. மீதிய மூணு பங்காக்குவோம்" என்றேன்.

"நாலாவது நெலை?"

"அது நான் கேக்கல."

"பத்திரத்துல இருந்துச்சே."

பிள்ளைவாள் தொண்டையைக் கனைத்தார். "அந்த நிலையப் பேத்து எடுத்துட்டு, சுவர அடைச்சுக் குடும். நிலை உமக்கு. அடுத்த வேலையில வச்சுக்கிடலாம். சுவர் அடைக்கிற செங்கல் இவர் பொறுப்பு. இந்தப் புதுக் காகிதத்துக்கு எழுத்துக்கூலி நான் வாங்கல. மூணு பேருக்கும் மூணு நட்டம். சரியா?"

சரி என்றோம்.

கடைசிப் பங்கைப் பற்றி ஒரு தகராறு வந்தது. பூச்சு முடிந்ததும் என்று எழுதப் போனார். மழை பெய்து ஒழுகாமல் இருந்ததும் என்று எழுதச் சொன்னேன். மேஸ்திரி எழுந்து நின்றுவிட்டார்.

"மழை வரலேன்னா? போன வருஷத்துக்கு முந்தின வருஷம் கார்த்திகை வரைக்கும் ஏமாத்துச்சு. வருணபகவானையும் கூட்டிட்டு வந்து கையெழுத்துப் போடச் சொல்லுதியளா?"

அதிலும் நியாயம் இருந்தது. "அப்ப தண்ணி கட்டிப் பாப்போம். மூணு நாளு" என்றேன். தண்ணீர் வடிகிற மடையை அடைத்துத் தளத்தில் தண்ணீர் நிறுத்துவது அவருக்குத் தெரிந்த முறைதான். உட்கார்ந்தார். அப்படியே எழுதினோம். இந்தத் தடவை நான் இரண்டு முறை படிக்கச் சொன்னேன். மேஸ்திரி மூன்றாம் முறை தானே எழுத்துக்கூட்டிப் படித்தார். நிலை என்ற சொல் எங்கேயும் இல்லை என்று பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

பிறகு வேலை ஓடியது. ஓட்டை அடைபட்டது. மாடு மறைந்தது. சுவர் உயர்ந்தது. மரக்கடைக்கு இரண்டு பேரும் போனோம். அவர் ஒவ்வொரு உத்திரமாகத் தட்டிக் காது வைத்துக் கேட்டு எடுத்தார். நான் பணத்தை எண்ணினேன். உத்திரம் ஏறிய அன்று, சொன்ன பங்கில் மீதி கொடுத்தேன். செங்கலைச் சுண்ணாம்பில் நிறுத்தி அடுக்கினார்கள். அதற்கு மேல் ஜல்லி. புரட்டாசியில் தளம் அடிக்கப் பெண்கள் வந்தார்கள். வரிசையாகக் குந்தி உட்கார்ந்து கட்டையால் தட்டுவார்கள். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத் தட்டவேண்டும். ஊர் ஈ முழுவதும் என் வீட்டு மேல்தான். கருப்பட்டி நான் கொட்டகையில் இருந்து தூக்கி வந்தது. நிறுத்துக் கொடுத்ததற்கும் பானையில் கரைந்ததற்கும் கொஞ்சம் வித்தியாசம் இருந்தது. ஒரு பெண்ணின் கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்தது. நான் கேட்கவில்லை.

தட்டோடு ஒட்டி முடிந்ததும் அடுத்த பங்கு. பூச்சும் முடிந்தது. ஐப்பசி பிறந்துவிட்டது. வானம் மூடிமூடித் திறந்தது. கொட்டகையில் சரக்கு கிடக்கிறது. காலையில் எழுந்ததும் மேற்கே மலையைப் பார்ப்பேன். அப்புறம் கிழக்கே பார்ப்பேன். மேஸ்திரிக்கும் அவசரம். அவர் ஆள்களுக்குத் தீபாவளிக்குத் துணி எடுத்துக் கொடுக்கவேண்டும்.

மடையைக் களிமண்ணும் வைக்கோலும் வைத்து அடைத்தார். ஆற்றிலிருந்து வண்டியில் தண்ணீர் கொண்டுவந்து, குடம் குடமாக மேலே ஏற்றிக் கொட்டினோம். கணுக்கால் அளவு நின்றது. பிறகு இரண்டு பேரும் காலி அறைக்குள் உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தோம். முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் மத்தியானம் வடகிழக்கு மூலையில் உள்ளங்கை அளவு ஈரம் தெரிந்தது. முந்தின வருஷம் சரக்கு போன அதே மூலை.

நான் காட்டினேன். அவர் பார்த்தார். ஏணி வைத்து ஏறித் தொட்டார். விரலை நாக்கில் வைத்தார்.

"ஒழுக்கு இல்ல. புதுச் சுண்ணாம்பு வேர்க்குது."

"வேர்வைன்னா மத்த எடத்துல ஏன் இல்ல?"

"அங்கன வெயிலு படல. காய லேட்டாவும்."

"நாளைக்குப் பாப்போம்."

"மூணு நாளுன்னு எழுதினது நாளைக்கு முடியுது அண்ணாச்சி. மேகத்தப் பாத்தியளா? இன்னைக்கே சரக்க ஏத்துங்க. நான் பொறுப்பு."

"சரக்கு என்னுது. நாளைக்கும் பாப்போம்."

அவர் போய்விட்டார். நான் அந்த மூலைக்குக் கீழே ஒரு சிப்பம் கருப்பட்டியைக் கொண்டுவந்து வைத்தேன். எனக்குச் சுண்ணாம்பு தெரியாது. கருப்பட்டி தெரியும். ஈரம் எவ்வளவு சொற்பமானாலும் அது காட்டிக்கொடுத்துவிடும்.

மறுநாள் அவர் வந்தபோது சிப்பத்து ஓலையைப் பிரித்து ஒரு கருப்பட்டியை உடைத்தேன். உள்ளே பளபளப்பு இல்லை. கை ஒட்டவில்லை. மேலே ஈரத்தின் அளவும் காசு அளவுக்குச் சுருங்கியிருந்தது. பாதியை அவர் கையில் கொடுத்தேன். வாயில் போட்டுக்கொண்டார்.

"வேர்வைதான்" என்றேன்.

"நேத்தே சொன்னேன்லா" என்றார், மென்றுகொண்டே.

மடையைத் திறந்துவிட்டார். தண்ணீர் தெருவில் ஓடியது. கடைசிப் பங்கை எண்ணிக் கொடுத்தேன். அவரும் எண்ணினார். பத்திரத்தின் பின்பக்கம் பணம் முழுவதும் பெற்றுக்கொண்டதாகப் பெரிய எழுத்தில் எழுதித் தந்தார். நான் வண்டிக்குச் சொல்லி அனுப்பினேன். அன்று சாயங்காலத்துக்குள் பாதிச் சரக்கு உள்ளே வந்துவிட்டது. மறுநாள் மீதி. மூன்றாம் நாள் மழை பிடித்தது. பிடித்தது விடவில்லை. கொட்டகை ஓலையை ஆற்றுக்காற்று கொண்டுபோய்விட்டது என்று வாடகைக்குக் கொடுத்தவன் வந்து சொன்னான். கேட்டுக்கொண்டேன். அறையைத் திறந்து பார்த்தேன். கருப்பட்டி வாசம் மட்டும் வந்தது. பூட்டிவிட்டுக் கடைக்குப் போனேன்.